துறைத் தலைவரின் ஆண்டு இலக்கில் கேஆர்ஏ-வை அளக்கும்படி எழுதுவது எப்படி? பராமரிப்புத் துறையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பராமரிப்புத் துறையின் பொறுப்பை நான் முதன்முதலில் ஏற்ற வருடம், என் ஆண்டு இலக்கு ஆவணத்தின் முதல் வரி இப்படி இருந்தது: "இயந்திர பிரேக்டவுன்களைக் கணிசமாகக் குறைத்தல்." பிளான்ட் மேனேஜர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக்கு உட்கார்ந்தபோது என் லாக்புக்கில் மொத்த பிரேக்டவுன் 410 மணி நேரம். உற்பத்தித் துறைத் தலைவர் கொண்டுவந்த தாளிலோ 700 மணி நேரம்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. டெக்னீஷியன் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றதிலிருந்து வேலையை முடித்துக் கொடுத்தது வரை நான் கணக்கெடுத்திருந்தேன். அவர் இயந்திரம் நின்ற நொடியிலிருந்து நல்ல பொருள் வெளியே வந்த நொடி வரை எடுத்திருந்தார். அச்சு மாற்றும் நேரமும் அதில் சேர்ந்திருந்தது. எந்த எண் சரி என்று முடிவு செய்ய அந்த ஆவணத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் பிளான்ட் மேனேஜர் தன் மனதுக்குப் பட்ட மதிப்பெண்ணைப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவர் கையில் நான் கொடுத்த அளவுகோல் அப்படி.

அதற்குப் பிறகு பல வருடங்கள் இந்த ஒரு வரியைத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறேன். அந்த வரியையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அதை அளக்கக்கூடிய கேஆர்ஏ-வாக மாற்றிக் காட்டுகிறேன். உங்கள் துறை வேறாக இருந்தாலும் படிகள் மாறாது. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆறு முக்கிய இயந்திரங்கள் உள்ள நடுத்தர அளவிலான ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: செய்த வேலையை விளைவாக எழுதாதீர்கள்

கேஆர்ஏ என்பது நீங்கள் எந்த விளைவுக்குப் பொறுப்பு என்று சொல்லும் பகுதி. அந்த விளைவை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது கேபிஐ. அந்த அளவு எங்கே போய் நிற்க வேண்டும் என்பது இலக்கு. ஆவணங்களில் இந்த மூன்றும் ஒரே கட்டத்துக்குள் குழம்பிக் கிடப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். "வாரம் ஒருமுறை ஆய்வுக் கூட்டம் நடத்துதல்", "40 பேருக்குப் பயிற்சி அளித்தல்" என்பதெல்லாம் செய்யும் வேலை. கூட்டம் 52 முறையும் நடக்கலாம், இயந்திரம் பழையபடியே நின்றுகொண்டும் இருக்கலாம்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய கேள்வி உண்டு. இதை நூற்றுக்கு நூறு செய்து முடித்தும், நம்மிடம் வேலை வாங்குகிற துறைக்கு எந்த மாற்றமும் தெரியாமல் போக முடியுமா? முடியும் என்றால் அது வேலை. பராமரிப்புத் துறையிடமிருந்து உற்பத்தித் துறை எதிர்பார்ப்பது, ஓட வேண்டிய நேரத்தில் இயந்திரம் ஓட வேண்டும் என்பதைத்தான். ஆகவே கேஆர்ஏ: "முக்கிய இயந்திரங்கள் திட்டமிட்ட நேரத்தில் தடையின்றி ஓடுதல்." எண் எதுவும் இன்னும் வரவில்லை, இந்த இடத்தில் வரவும் கூடாது.

படி 2: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது

முழு ஆவணத்திலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இலக்கை 20 சதவீதம் என்று போடுவதா, 25 என்று போடுவதா என்று பலரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எதன் 20 சதவீதம் என்ற கேள்வியை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். வரையறை மாறினால் 410 எப்படி 700 ஆகிறது என்பதை மேலே பார்த்தோம்.

திட்டமிடாத நிறுத்தம் என்பதற்கு நான் இப்போது எழுதும் வரையறை இது. ஆபரேட்டர் இயந்திரத்தை நிறுத்திய அல்லது இயந்திரம் தானாக நின்ற நேரம் தொடக்கம். பழுது நீங்கி, தரச் சோதனையில் தேறிய முதல் பொருள் வெளிவந்த நேரம் முடிவு. டெக்னீஷியன் "முடிஞ்சது" என்று சொல்லும் நேரம் முடிவு ஆகாது. ஏனென்றால் ஸ்பேர் மாற்றிய பிறகு அளவைச் சரிசெய்ய இன்னும் 40 நிமிடம் ஓடலாம். அந்த நேரத்திலும் உற்பத்தி இல்லை, அதற்குக் காரணமும் அந்தப் பழுதுதான்.

அடுத்து எல்லைகள். பத்து நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தங்களை ஆபரேட்டரே சரிசெய்துவிடுவார்; அவற்றையும் எழுதச் சொன்னால் லாக்புக் ஒரு வாரத்தில் கைவிடப்படும். ஆகவே பத்து நிமிடம் என்று ஒரு வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பு வைத்த உடனே அதைச் சுற்றி ஒரு பழக்கம் முளைக்கும். 25 நிமிட நிறுத்தம் ஒன்று, நடுவில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்ததைக் காரணம் காட்டி, 8, 9, 8 என்று மூன்றாகப் பதிவாகும். மூன்றுமே வரம்புக்குக் கீழே போய்விடும். இதைத் தடுக்க ஒரு வரி போதும்: ஒரே இயந்திரத்தில் ஒரே பழுது இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப வந்தால், முதல் நிறுத்தத்தின் தொடக்கத்திலிருந்து கடைசி நிறுத்தத்தின் முடிவு வரை ஒரே நிறுத்தமாகக் கணக்கிடப்படும்.

எதை விலக்குவது என்பது இன்னொரு கேள்வி. வெளியிலிருந்து வரும் மின்சாரம் தடைபட்டால் அதற்குப் பராமரிப்புத் துறைத் தலைவர் எதுவும் செய்ய முடியாது, விலக்கலாம். உள்ளே இருக்கும் கம்ப்ரசர் நின்று காற்றழுத்தம் குறைந்தால் அது அவர் பொறுப்பு, விலக்கக் கூடாது. "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்கள் நீங்கலாக" என்று பொதுவாக எழுதுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன். ஸ்பேர் வரத் தாமதமானது, ஆபரேட்டர் தவறாக இயக்கியது, மூலப்பொருள் சரியில்லாதது என்று ஆண்டு முடிவில் அந்த ஒரு சொற்றொடருக்குள் பாதி நிறுத்தங்கள் போய் ஒளிந்துகொள்ளும். விலக்குகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் போனால் வரையறையையே மறுபடி பாருங்கள்.

கடைசியாக, எழுதுவது யார்? இலக்குகளைச் சரிபார்க்கப் பலரும் சொல்லும் ஸ்மார்ட் என்ற ஐந்தெழுத்துச் சூத்திரத்தை ஜார்ஜ் டோரன் 1981இல் முன்வைத்தார். அதில் நடு எழுத்து அவர் எழுதியபோது "யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது" என்பதைக் குறித்தது. பிற்காலத்தில்தான் அது "அடையக்கூடியது" என்று பல இடங்களில் மாறிப்போனது. அந்தப் பழைய பொருளை இங்கே மீட்டுக்கொள்வது நல்லது. விளைவுக்குப் பொறுப்பு ஒருவர், எண்ணுக்குப் பொறுப்பு இன்னொருவர் என்று இரண்டு பெயர் வேண்டும். என் மதிப்பெண்ணை முடிவு செய்யும் லாக்புக்கை என் ஆளே எழுதினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த எண்ணை வெளியே யாரும் நம்பமாட்டார்கள். உற்பத்தித் திட்டப் பிரிவின் ஷிஃப்ட் பதிவேட்டை மூலமாக வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை பத்து நிறுத்தங்களை எடுத்து, பராமரிப்பு டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து இரு தரப்பும் கையெழுத்திடலாம்.

படி 3: கடந்த ஆண்டை அதே வரையறையில் எண்ணிப் பாருங்கள்

வரையறை எழுதிய பிறகே அடிப்படை அளவு. பழைய அறிக்கையில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. அது பழைய வரையறையில் எண்ணியது. ஷிஃப்ட் பதிவேட்டைத் திறந்து பன்னிரண்டு மாதத்தையும் புதிய வரையறைப்படி மறுபடி எண்ண வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்று நாள் வேலை. தவிர்க்க முடியாத மூன்று நாள்.

நம் தொழிற்சாலையில் எண்ணியபோது 600 மணி நேரம் வந்தது. அதில் 60 மணி வெளி மின்தடை. விலக்கினால் 540. மாத வாரியாகப் பார்த்தால்: 46, 38, 52, 41, 35, 49, 44, 58, 40, 47, 36, 54. சராசரி மாதத்துக்கு 45 மணி.

மணிக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு சிக்கல் உண்டு. ஆர்டர் குறைந்து இயந்திரம் குறைவாக ஓடினால் நிறுத்தமும் தானாகக் குறையும். துறைத் தலைவர் எதுவும் செய்யாமலே இலக்கு எட்டிவிடும். ஆர்டர் கூடினால் அதற்கு நேர்மாறு, நன்றாக வேலை செய்தும் தோற்பார். ஆகவே திட்டமிட்ட ஓட்ட நேரத்தால் வகுக்க வேண்டும். ஆறு இயந்திரம், ஒவ்வொன்றும் மாதம் 500 மணி, ஆண்டுக்கு 36,000 இயந்திர மணி. 540-ஐ 36,000-ஆல் வகுத்தால் 1.5 சதவீதம். இதுதான் அடிப்படை அளவு.

ஆண்டு சதவீதத்தைப் பன்னிரண்டு மாதச் சதவீதங்களின் சராசரியாகப் போட்டுவிடாதீர்கள். குறைவாக ஓடிய மாதத்துக்கும் அதிகமாக ஓடிய மாதத்துக்கும் சம எடை போய்விடும். மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதே சரி. எக்செலில் B பத்தியில் நிறுத்த மணி, D பத்தியில் திட்டமிட்ட மணி இருந்தால்:

```
=SUM(B2:B13)/SUM(D2:D13)*100
```

படி 4: தற்செயலால் எட்ட முடியாத இலக்கு

பெரும்பாலான ஆவணங்களில் இலக்கு எப்படிப் பிறக்கிறது என்றால், "போன வருஷத்தைவிட 5 சதவீதம் குறைவு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் தலையாட்டுகிறார்கள். 540-இல் 5 சதவீதம் 27 மணி. அந்த மாதப் பட்டியலை மறுபடி பாருங்கள். துறையில் எந்த மாற்றமும் செய்யாத ஒரு ஆண்டிலேயே மாதத்துக்கு மாதம் 35-க்கும் 58-க்கும் இடையே எண் ஆடுகிறது. இப்படி ஆடும் ஒன்றில் 27 மணி குறைந்தது உழைப்பாலா, நல்ல காலத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஆட்டத்தை அளக்க வழி இருக்கிறது. 1924இல் வால்டர் ஷூஹார்ட் உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழி வந்த முறை. ஒவ்வொரு மாதத்துக்கும் முந்தைய மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள், கூட்டல் கழித்தல் குறி வேண்டாம்: 8, 14, 11, 6, 14, 5, 14, 18, 7, 11, 18. இவற்றின் சராசரி ஏறக்குறைய 11.5. அதை இந்த முறைக்கென வகுத்த மாறா எண்ணான 2.66-ஆல் பெருக்கினால் 30.5. சராசரியான 45-உடன் இதைக் கூட்டினால் 75, கழித்தால் 15. எக்செலில் C பத்தியில் வித்தியாசங்களைப் போட்டுக்கொண்டால் மேல் எல்லை இப்படி வரும், கீழ் எல்லைக்குக் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றினால் போதும்:

```
=AVERAGE(B2:B13)+2.66*AVERAGE(C3:C13)
```

இதன் பொருள், துறை இப்போது இருக்கும் நிலையிலேயே ஒரு தனி மாதம் 15 மணிக்கும் 75 மணிக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்பது. ஒரு மாதம் 30 வந்தால் பாராட்டுக் கடிதமும் வேண்டாம், 62 வந்தால் விளக்கக் கடிதமும் வேண்டாம். மாத இலக்கு வைத்து மாதாமாதம் மதிப்பெண் போடுகிற துறைகளில் ஆட்கள் ஏன் களைத்துப்போகிறார்கள் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் கையில் இல்லாத ஆட்டத்துக்கு அவர்களைப் பதில் சொல்ல வைத்துக்கொண்டிருந்தோம்.

ஆண்டு மொத்தத்தில் இந்த ஆட்டம் ஓரளவு அடங்கும், முழுக்கப் போகாது. 11.5-ஐ அதே முறையின் இன்னொரு மாறா எண்ணான 1.128-ஆல் வகுத்தால் மாத ஆட்டத்தின் அளவு சுமார் 10 மணி என்று கிடைக்கும். பன்னிரண்டு மாதத்தின் மொத்தத்துக்கு அதை 12-இன் வர்க்கமூலத்தால், அதாவது 3.46-ஆல், பெருக்க வேண்டும். சுமார் 35 மணி. நாம் ஒப்பிடுவது இரண்டு ஆண்டுகளை, இரண்டுமே ஆடுகின்றன. ஆகவே வித்தியாசத்தின் ஆட்டம் இன்னும் 1.41 மடங்கு, சுமார் 50 மணி. எதுவுமே மாறாத இரண்டு ஆண்டுகளுக்கு இடையே 50 மணி வித்தியாசம் வருவது சாதாரணம். 100 மணியைத் தாண்டுவது அரிது. அப்படியென்றால் 540-லிருந்து குறைந்தது 100 மணி குறையும்படி இலக்கு இருந்தால்தான், எட்டியது உழைப்பால் என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. 100 மணியைக் குறைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு 540 மணியும் எங்கே போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம் கணக்கில் பேரிங், பெல்ட், லூப்ரிகேஷன் தொடர்பானவை 190 மணி. சென்சார், மின் இணைப்புகள் 140. பழுது என்னவென்று தெரிந்தும் ஸ்பேர் இல்லாமல் காத்திருந்தது 130. மற்றவை 80.

இதில் ஸ்பேருக்காகக் காத்திருந்த 130 மணி என்னை எப்போதும் உறுத்தும் வகை. டெக்னீஷியன் நிற்கிறார், கருவி இருக்கிறது, பழுதும் தெரியும். கையளவு சீல் ஒன்று ஸ்டோரில் இல்லை. முக்கிய ஸ்பேர்ப் பட்டியல் ஒன்று தயாரித்து, குறைந்தபட்ச இருப்பு வைத்தால் மாதம் 11 மணியாக இருக்கும் இந்தக் காத்திருப்பு 3 மணிக்கு இறங்கும் என்பது மதிப்பீடு. ஆனால் பட்டியல் தயாரித்து, ஒப்புதல் வாங்கி, பொருள் வந்து சேர மூன்று மாதம் ஆகும். மீதி ஒன்பது மாதத்தில் மாதம் 8 மணி குறைந்தால், ஏறத்தாழ 70 மணி. லூப்ரிகேஷன் சுற்றையும் அதிர்வுச் சோதனையையும் ஒழுங்குபடுத்த இரண்டு மாதம் பிடிக்கும். பிறகு பத்து மாதத்துக்கு மாதம் 4 மணி, மொத்தம் 40. சென்சார் பக்கம் இந்த ஆண்டு பணம் இல்லை, அதைத் தொடவில்லை.

ஆக 110 மணி குறையும். 540-லிருந்து 430, சதவீதத்தில் 1.2. தற்செயலின் எல்லையையும் தாண்டுகிறது, எப்படி எட்டுவது என்பதும் தெரிகிறது. இரண்டில் ஒன்று பொருந்தாமல் போனால் பின்வாங்கத் தயங்காதீர்கள். பிரித்துப் பார்த்ததில் 40 மணிக்கு மேல் வழி தெரியவில்லை என்றால், இந்த அளவை மதிப்பெண்ணுக்கு வைக்காதீர்கள். அதைக் கண்காணிப்பில் மட்டும் வைத்துவிட்டு, ஸ்பேர் காத்திருப்பு மணி போன்ற குறுகிய அளவு ஒன்றை இலக்காக எடுங்கள்.

மூன்று மாதத் தாமதம், இரண்டு மாதத் தாமதம் என்று கணக்கில் சேர்த்ததைக் கவனியுங்கள். இதை விட்டுவிட்டுப் பன்னிரண்டு மாதத்துக்கும் பலனைப் போட்டுவிடுவது துறைத் தலைவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் கண்ணி. முதல் காலாண்டு ஆய்விலேயே பின்தங்கியதாகத் தெரிவார்கள், மீதி ஆண்டு முழுக்க அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

படி 5: எண்ணைக் குறைக்கத் தவறான வழிகள் எவை?

இந்த இலக்கை மட்டும் என்னிடம் கொடுத்து, எப்படியாவது எட்டிவிடு என்றால் நான் என்ன செய்வேன்? ஆவணத்தை மேலே அனுப்பும் முன் இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி, என் ஃபோர்மேனையும் உட்கார வைத்துப் பதில் எழுதுவது என் வழக்கம். களத்தில் இருப்பவருக்கு இந்த வழிகள் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பராமரிப்பில் மிக எளிதான வழி, பிரேக்டவுனைத் திட்டமிட்ட நிறுத்தமாகப் பெயர் மாற்றுவது. காலை ஆறு மணிக்கு இயந்திரம் தடுமாறத் தொடங்குகிறது. எட்டு மணிக்கு ஒரு "திட்டமிட்ட பராமரிப்பு" உத்தரவு எழுதி நிறுத்திவிட்டால், பிறகு பழுது பார்க்கப் பிடிக்கும் நான்கு மணி நேரம் நம் எண்ணில் வராது. உற்பத்திக்கு இழப்பு அதேதான். இதற்குத் துணை அளவு ஒன்றை ஜோடி சேர்க்க வேண்டும்: திட்டமிட்ட பராமரிப்பு நிறுத்தம் கடந்த ஆண்டு அளவைத் தாண்டக் கூடாது; குறைந்தது 48 மணி நேரம் முன்பே உற்பத்தித் திட்டப் பிரிவு ஒப்புக்கொண்டதுதான் திட்டமிட்டதாகக் கொள்ளப்படும்.

இரண்டாவது வழி பணம். எல்லா ஸ்பேரையும் இரட்டையாக வாங்கிக் குவித்தால் காத்திருப்பு இருக்காது, ஸ்டோரில் பணம் முடங்கும். ஆகவே ஸ்பேர் இருப்பின் மதிப்புக்கு ஓர் உச்சவரம்பு. இந்த இரண்டு துணை அளவுகளுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டாம். அவை வேலி மட்டுமே. வேலியைத் தாண்டினால் முதன்மை அளவில் 100-க்கு மேல் மதிப்பெண் கிடையாது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பாதுகாப்புப் பற்றி ஒரு சொல், இங்கே சொல்லாவிட்டால் மனம் ஆறாது. "விபத்து எண்ணிக்கை பூஜ்யம்" என்பதைத் துறைத் தலைவரின் இலக்காக வைத்து அதில் மதிப்பெண்ணும் போட்டால், முதலில் குறைவது விபத்தல்ல, அதைப் பற்றிய தகவல். விரலில் அடிபட்டவர் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பார். புகாரளிக்கப்பட்ட ஆபத்துகளில் எத்தனை ஏழு நாளில் சரிசெய்யப்பட்டன, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்கினார்களா என்று திடீர்ச் சோதனையில் எத்தனை சரியாக இருந்தன என்பவற்றை அளப்பது நல்லது. இவற்றில் மறைப்பதற்கு யாருக்கும் காரணம் இருக்காது.

படி 6: மதிப்பெண்ணும் எடையும்

இலக்கை எட்டினால் 100, எட்டாவிட்டால் 0 என்று வைக்காதீர்கள். பதினோராவது மாதம் 1.22-இல் நிற்கும் ஒருவருக்கு லாக்புக்கைத் திருத்தத் தோன்றுவதும், 1.4-இல் நிற்பவருக்கு முயற்சியை விட்டுவிடத் தோன்றுவதும் இந்த விதியால்தான். கடந்த ஆண்டு நிலையான 1.5-க்கு 0, இலக்கான 1.2-க்கு 100, நடுவில் நேர்கோடாக ஏறட்டும். ஆண்டு முடிவில் 1.29 வந்தால், 0.30-இல் 0.21 கடந்திருக்கிறார், 70 மதிப்பெண். 1.1 அல்லது அதற்குக் கீழே வந்தால் 120, அதற்கு மேல் கிடையாது.

சிறு குறைப்புக்கும் சில மதிப்பெண் தற்செயலாகக் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். செங்குத்தான விதியால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் அது சிறியது என்பது என் கருத்து.

எடையில் நான் பார்க்கும் ஒரே விதி, பத்துக்குக் குறைவாக எதற்கும் தராதது. 5 எடை கொண்ட கேஆர்ஏ-வை ஆண்டு முழுக்க யாரும் திறந்து பார்ப்பதில்லை. இங்கே தடையின்றி ஓடுவதற்கு 40, பராமரிப்புச் செலவுக்கு 25, ஆள் திறனுக்கு 20, பாதுகாப்புக்கு 15. நான்கோடு நிறுத்திக்கொள்வேன். 70 மதிப்பெண் வாங்கிய முதல் கேஆர்ஏ மொத்தத்தில் 28 புள்ளி தரும்.

படி 7: ஆவணத்தில் எழுதும் வடிவம்

இதுவரை முடிவு செய்ததெல்லாம் ஒரே கட்டத்தில் இப்படி அமரும்.

> கேஆர்ஏ: ஆறு முக்கிய இயந்திரங்கள் திட்டமிட்ட நேரத்தில் தடையின்றி ஓடுதல். எடை 40.
>
> அளவு: திட்டமிடாத நிறுத்த மணி, திட்டமிட்ட ஓட்ட மணியில் எத்தனை சதவீதம் (ஆண்டு மொத்தம்). நிறுத்தம் தொடங்கியதிலிருந்து தரச் சோதனையில் தேறிய முதல் பொருள் வரை. பத்து நிமிடமும் அதற்கு மேலும். ஒரே பழுது இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒரே நிறுத்தம். விலக்கு: வெளி மின்தடை மட்டும்.
>
> அடிப்படை: 1.5 சதவீதம் (540 மணி). இலக்கு: 1.2 சதவீதம். 1.5-க்கு 0, 1.2-க்கு 100, 1.1-க்கு 120, நடுவில் நேர்கோடு.
>
> வேலி: திட்டமிட்ட பராமரிப்பு நிறுத்தமும் ஸ்பேர் இருப்பு மதிப்பும் ஒப்புக்கொண்ட வரம்புக்குள். தாண்டினால் உச்சம் 100.
>
> மூலம்: ஷிஃப்ட் பதிவேடு, பொறுப்பு உற்பத்தித் திட்டப் பிரிவு. மாதம் பத்து நிறுத்தங்கள் இருதரப்பு ஒப்பீடு.
>
> இடைநிலை: நான்காவது மாதத்திலிருந்து, மாதக் கடைசி நாள் சோதனையில் 62 முக்கிய ஸ்பேர்களில் குறைந்தது 59 குறைந்தபட்ச இருப்பில் இருத்தல்.

கடைசி வரி இந்த ஒரு அளவுக்கு முன்னோடி. நிறுத்தச் சதவீதம் மெதுவாகத்தான் நகரும். ஸ்பேர் இருப்போ நான்காவது மாதமே தெரிந்துவிடும். "பட்டியல் வேலை 80 சதவீதம் முடிந்தது" என்ற எழுத்தை இந்த இடத்தில் ஏற்காதீர்கள். ஸ்டோருக்குப் போய் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதை எழுதி முடித்ததும், அந்தத் துறையைச் சேராத இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்து, கடந்த ஆண்டின் ஏதாவது ஒரு மாதப் பதிவேட்டைத் தந்து எண்ணைக் கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் கையெழுத்துக்கு அனுப்பலாம். வேறுபட்டால் எந்த நிறுத்தத்தில் பிரிந்தார்கள் என்று தேடுங்கள். வரையறையில் விட்டுப்போன வரி அங்கேதான் இருக்கும். நான் செய்தபோது உணவு இடைவேளையில் நின்ற இயந்திரத்தை ஒருவர் சேர்த்தார், இன்னொருவர் சேர்க்கவில்லை. இடைவேளை நேரம் திட்டமிட்ட ஓட்டத்தில் இல்லை என்று அதன் பிறகே எழுதினேன்.

படி 8: ஆண்டு நடுவில் மாற்றம் வந்தால்

எந்த நிலையில் இலக்கைத் திறந்து திருத்தலாம் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். நான் இரண்டே நிலைகளை ஏற்பேன். ஆறு இயந்திரங்களில் ஒன்று நீக்கப்பட்டாலோ புதியது சேர்ந்தாலோ. அல்லது ஒப்புதல் கிடைத்த ஸ்பேர் நிதி பின்னர் நிறுத்தப்பட்டாலோ. முதலாவதில், புதிய இயந்திரம் முதல் மூன்று மாதம் கணக்கில் சேராது. இரண்டாவதில், 70 மணிக்கு அடிப்படையான வழியே போய்விட்டது. அந்தப் பங்கைக் கழித்து இலக்கை மறுபடி எழுதலாம். ஓட்ட நேரம் கூடுவது குறைவது பற்றிக் கவலை இல்லை, சதவீதம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

காலாண்டு ஆய்வில், நாம் போட்ட 15-75 எல்லையோடும் 45 என்ற நடுக்கோட்டோடும் வரைபடத்தை மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் 75-ஐத் தாண்டினால் அந்த மாதத்தில் தனியாக ஏதோ நடந்திருக்கிறது, தேட வேண்டும். அந்த எல்லைக்குள்ளேயே எட்டு மாதம் தொடர்ந்து 45-க்குக் கீழே விழுந்தால் துறை உண்மையாகவே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஓட்ட நேரம் பெரிதாக மாறிய ஆண்டில் இதே வரைபடத்தைச் சதவீதத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் மாற்றம் நான்காம் மாதத்தில்தான் முழுமையாகத் தொடங்குகிறது. ஆகவே எட்டுப் புள்ளிகள் சேரப் பதினோராவது மாதம் ஆகும். ஆறாவது மாத ஆய்வில் "இன்னும் தெரியவில்லையே" என்று மேலிருப்பவர் கேட்டால், அதற்குப் பதிலாக ஸ்டோரின் 59 எண்ணிக்கையையும், ஸ்பேருக்காகக் காத்திருந்த மணி மாதம் 11-லிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதையும் காட்டுங்கள். அந்தக் காத்திருப்பும் குறையவில்லை என்றால், பட்டியலில் இருக்கும் 62 ஸ்பேர்களும் உண்மையில் இயந்திரத்தை நிறுத்திய ஸ்பேர்கள்தானா என்று கடந்த ஆறு மாத டிக்கெட்டுகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.